ரிவர்ஸ் எடுத்துப் பாருங்க

புது லேப்டாப் வாங்கி வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் புது கேம்களைப் பற்றி அல்ல. அதற்கெல்லாம் என்ன ராம் வேண்டும், என்ன கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று விற்கிற இடத்திலேயே எழுதியிருக்கிறது. பழைய கேமுக்குத்தான் யாரும் எழுதித் தருவதில்லை. 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்த வைஸ் சிட்டியின் உறையில் பென்டியம் 3 பிராசசர், 128 எம்பி ராம் போதும் என்று இருக்கும். 16 ஜிபி ராம் உள்ள மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படிக்கிறவர், இது பறக்கும் என்று நினைப்பார். பறக்கத்தான் செய்கிறது. சிக்கல் பாதி அதில்தான்.

தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குப் போகும் சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தொழிலுக்கு வந்தது 1990-களின் கடைசியில். பிரவுசிங் சென்டர் நடத்தினேன், அசெம்பிள் செய்து விற்றேன், இப்போது ரிப்பேர்தான் அதிகம். இத்தனை வருடத்தில் மிஷின் மாறும்போதெல்லாம், விண்டோஸ் மாறும்போதெல்லாம், அதே கேம்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய கேமை எழுதியவர் அன்றைய மிஷினைப் பற்றிச் சில விஷயங்களைச் சொல்லாமலே நம்பியிருப்பார். பிராசசர் இந்த வேகத்துக்கு மேல் போகாது, திரை சதுரத்துக்குப் பக்கமாக இருக்கும், ஃபோல்டர் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும் என்பது போன்ற நம்பிக்கைகள். புது மிஷின் அவற்றில் எதை உடைத்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

முதலில் உடைந்தது வேகம். டாஸ் காலத்துச் சின்ன கேம்கள் பலவும் டர்போ பாஸ்கலில் எழுதப்பட்டவை. பென்டியம் 2 மிஷின்கள் தென்காசிக்கு வந்த புதிதில், அதுவரை ஒழுங்காக ஓடிய புரோகிராம்கள் திறந்த உடனே `Runtime error 200` என்று சொல்லி நின்றுபோயின. மிஷினில் கோளாறு என்று சொல்லி விற்ற கடைக்கே திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு. மிஷினில் ஒரு கோளாறும் இல்லை. டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் தொடங்கும்போது, ஒரு சிறு நேரத்துக்குள் பிராசசர் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். பிறகு காத்திருக்க வேண்டிய இடத்தில் அந்த எண்ணைப் பயன்படுத்தும். பிராசசர் ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்சைத் தாண்டியதும் வகுத்து வந்த விடை 65,535-க்கு மேல் போய்விட்டது. அவ்வளவு பெரிய எண்ணை வைக்க அங்கே இடமில்லை. வகுத்தலில் பிழை, புரோகிராம் நின்றுவிட்டது. வேகமான மிஷினே பிழைக்குக் காரணமாக இருக்க முடியும் என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான்.

டாஸ் கேம்களுக்கு இன்று டாஸ்பாக்ஸ் இருக்கிறது. பழைய மிஷின் ஒன்றையே அது மென்பொருளாக உருவாக்கிக் காட்டுவதால், விண்டோஸ் 11 ஆனாலும் கவலை இல்லை. வேகம் கூடினால் Ctrl+F11, குறைந்தால் Ctrl+F12. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைச் சோதிப்பது இன்னும் எளிது. இளவரசியை மீட்க அந்த கேம் தருவது நிஜமான 60 நிமிடம். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மீதி நேரத்தைக் காட்டும். செல்போன் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் பார்த்தால் போதும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். டாஸ் கேமை விட எனக்குத் தொல்லை கொடுத்தவை விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரையிலான காலத்துக் கேம்கள்தான். அவை புது விண்டோசிலும் நேரடியாகவே ஓட முயல்கின்றன. பாதி ஓடவும் செய்கின்றன.

இந்தப் பகுதியில் பழைய கேம் ஆசை இவ்வளவு பரவியிருப்பதற்கு 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் ஒரு பெரிய காரணம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை படித்த பிள்ளைகள் கையில் முதல்முறையாகச் சொந்த மிஷின் வந்தது. முதல் சில வருடங்களில் வந்தவற்றில் பாஸ் லினக்ஸும் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் சேர்ந்தே இருந்தன. பிள்ளைகள் பென் டிரைவில் கேம்களைக் கை மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐத் திறந்தால் புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிகிறது என்று வந்தவர்கள் ஏராளம். டிஸ்பிளே போய்விட்டது என்று பயந்திருப்பார்கள். கேம் 256 நிறங்களை வைத்தே படம் வரைகிறது. அந்த நிறப் பட்டியலை டெஸ்க்டாப்பைக் காட்டும் `explorer.exe` இடையில் புகுந்து மாற்றிவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை மூடிவிட்டு கேமைத் திறந்தால் புல் பச்சையாகிவிடும். ஆட்டம் முடிந்ததும் எக்ஸ்புளோரரைத் திரும்ப ஓடவிட வேண்டும்.

ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. 32 பிட் விண்டோஸ், 16 பிட் புரோகிராமையும் ஓட்டும். 64 பிட் விண்டோஸ் ஓட்டாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்தில் லேப்டாப் வாங்கி, அதே கேமைப் போட்டுப் பார்க்கும்போது இந்த வித்தியாசத்தில் வந்து முட்டுகிறார்கள். “அண்ணாச்சி, ஸ்கூல்ல குடுத்த டப்பா லேப்டாப்புல ஓடுச்சு, எண்பதாயிரம் ரூவா லேப்டாப்புல ஓட மாட்டக்கு” என்று ஒரு தம்பி கேட்டது நியாயமான கேள்விதான்.

அவன் கொண்டுவந்த கேம் உண்மையில் 32 பிட். அதை இன்ஸ்டால் செய்யும் `setup.exe` மட்டும் 16 பிட். 1990-களின் நடுவில் வந்த பல கேம்களில் இப்படி இருக்கும். அந்தக் காலத்து இன்ஸ்டால்ஷீல்டில் சில பதிப்புகளை 64 பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள 32 பிட் பதிப்பை மாற்றிப் போட்டு ஓட்டிவிடும். எல்லாவற்றையும் அல்ல. ஆகவே இன்ஸ்டால் ஆகவில்லை என்பதை வைத்து கேம் ஓடாது என்று முடிவு கட்டக் கூடாது. சிடிக்குள் கேம் ஃபைல்கள் விரித்து வைக்கப்பட்டிருந்தால் ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்து நேராக எக்ஸ்இ ஃபைலைத் தட்டிப் பார்ப்பேன். சுருக்கி வைத்திருந்தால், கடையில் வைத்திருக்கும் பழைய எக்ஸ்பி மிஷினில் இன்ஸ்டால் செய்து அந்த ஃபோல்டரை அப்படியே கொண்டுவருவேன். அந்த மிஷினை நெட்டில் இணைப்பதில்லை, இதற்காகவே வைத்திருக்கிறேன். கேமின் எக்ஸ்இயே 16 பிட் என்றால் விண்டோஸ் 11-ல் நேரடியாக ஓட்ட வழியில்லை என்று சொல்லிவிடுவேன்.

இன்னொரு வகை, சத்தமே போடாமல் நின்றுவிடும். கடையநல்லூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மகனுக்காகப் பல வருடம் முன்பு துபாயில் வாங்கிய ஒரிஜினல் கார் ரேஸ் டிஸ்க். இன்ஸ்டால் ஒழுங்காக ஆனது. ஐகானைத் தட்டினால் வட்டம் ஒருமுறை சுற்றியது, மறைந்தது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்தான் மாட்டிக்கொள்கிறது, கள்ளக் காப்பி ஓடிவிடுகிறது என்பது எனக்கு இன்றுவரை வருத்தமான விஷயம். காப்பி எடுப்பதைத் தடுக்க அந்தக் காலத்து டிஸ்க்குகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அது வேலை செய்ய `secdrv.sys` என்ற டிரைவர் விண்டோசின் மையத்துக்குள் இறங்க வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், 2015-ல் வந்த விண்டோஸ் 10-லிருந்து மைக்ரோசாப்ட் அதை அனுமதிப்பதில்லை. அந்த டிரைவரை எப்படியாவது உள்ளே தள்ள வழி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் செய்து தருவதில்லை. ஒரு கேமுக்காக, வங்கிக் கணக்குப் பார்க்கிற மிஷினின் கதவைத் திறந்து வைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே கேம் பூட்டு இல்லாமல் ஜிஓஜி போன்ற கடைகளில் விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடித் தருவேன். இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் பழைய மிஷினில் ஆடுங்கள் என்பேன்.

டிஸ்க் என்றதும் எங்கள் ஊர்ச் சாரலைச் சொல்லியாக வேண்டும். ஜூன் பிறந்தால் ஐந்தருவிப் பக்கத்து வீடுகளில் சுவரே ஈரமாக இருக்கும். பீரோவில் வருடக்கணக்கில் கிடந்த சிடிகளில் பூஞ்சை பிடித்து, வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அப்படிப்பட்ட டிஸ்க்கிலிருந்து இன்ஸ்டால் செய்த கேம் எப்போதும் ஒரே மிஷனில் போய் நிற்கும், ஆட்கள் விண்டோஸ் 11-ஐத் திட்டுவார்கள். அதனால் கேமைத் தொடும் முன்பு காப்பியை எடைபோடுவேன். டிஸ்க் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைலில் திணறினால் டிஸ்க்தான் போயிருக்கிறது. பென் டிரைவில் வந்த காப்பியாக இருந்தால் கேள்வி வேறு. இங்கே சுற்றிவந்த காப்பிகளில் பல, சிடியில் அடக்குவதற்காகப் பாட்டையும் வீடியோவையும் வெட்டியெறிந்தவை. புது லேப்டாப்பில் ரேடியோ கேட்கவில்லை என்று புகார் வரும். அந்தக் காப்பியில் ரேடியோ என்றைக்குமே இருந்திருக்காது. ஹாஃப் லைஃப் போன்றவற்றில் பாட்டு, ஆடியோ சிடி போலத் தனி டிராக்காக இருக்கும். ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்தால் அது வராது. குறையுள்ள காப்பியை வைத்து மிஷினைப் பற்றியோ விண்டோசைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது.

காப்பி சரி, கேமும் திறந்துவிட்டது என்றால் பலரும் அத்தோடு எழுந்துவிடுவார்கள். என் வேலை அங்கேதான் தொடங்கும். வைஸ் சிட்டியை வைத்துச் சொல்கிறேன், என்னிடம் அதிகம் வந்தது அதுதான்.

முதலில் மெனுவில் மவுஸ் அசைகிறதா என்று பார்ப்பேன். பிறகு ஆட்டத்துக்குள் போய், திரையின் கீழ் மூலையில் இருக்கும் ராடாரைப் பார்ப்பேன். அது வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் இழுபட்டிருந்தால், 4:3 திரைக்கு வரைந்ததை அகலத் திரைக்கு இழுத்து ஒட்டியிருக்கிறது என்று பொருள். இது ஆட்டத்தைக் கெடுக்காது, கண்ணைத்தான் உறுத்தும். படம் திரையின் ஒரு மூலையில் மட்டும் வந்தாலோ, மவுஸைத் தட்டும் இடமும் பதியும் இடமும் வேறாக இருந்தாலோ அது வேறு கோளாறு. சின்னத் திரையில் எழுத்து பெரிதாகத் தெரிய லேப்டாப்பில் 125 அல்லது 150 சதவீதம் என்று வைத்திருப்பார்கள். பழைய கேமுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எக்ஸ்இயின் ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய், ஹை டிபிஐ அமைப்பை அப்ளிகேஷனிடமே விட்டால் சரியாகிவிடும்.

அடுத்தது நேரம். வைஸ் சிட்டியில் கேமின் ஒரு நிமிடம் நம்முடைய ஒரு வினாடி. ஆகவே மூலையிலுள்ள கடிகாரம் ஒரு மணி நேரம் நகர, செல்போனில் சரியாக ஒரு நிமிடம் ஆக வேண்டும். இந்தச் சோதனையில் புது மிஷின்கள் பெரும்பாலும் தேறிவிடும். அதற்குப் பிறகுதான் காரில் ஏறி ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

“அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, முன்னாடி சூப்பரா போவுதே” என்பார்கள். பிறகு சுவரில் முட்டி நின்ற வண்டி பின்னால் வராமல் உறுமிக்கொண்டே நிற்கும். அந்த கேம் ஒரு வினாடிக்கு 30 படம் வரைவதாக வைத்து வண்டியின் அசைவைக் கணக்குப் போடுகிறது. மெனுவில் ஃபிரேம் லிமிட்டர் என்று ஒரு அமைப்பு உண்டு. அது ஆஃபில் இருந்தால், பழைய மிஷின் எப்படியும் முப்பது நாற்பதைத் தாண்டாது என்பதால் கேடில்லை. புது லேப்டாப்போ வினாடிக்கு நூற்றுக்கணக்கில் வரைகிறது. ஒவ்வொரு படத்துக்கும் இடையில் வண்டி நகர வேண்டிய தூரம் மிகச் சிறியதாகிவிட, ரிவர்ஸ் கியரின் தள்ளலே எடுபடாமல் போகிறது. கடிகாரம் மில்லி வினாடியை வைத்து ஓடுவதால் அது சரியாகவே காட்டுகிறது, வண்டியின் கணக்கு மட்டும் தவறுகிறது. நேரம் ஒத்துப்போனதை நம்பி எழுந்துவிட்டால் இது கண்ணில் படாது. ஃபிரேம் லிமிட்டரை ஆனில் போட்டால் வண்டி பின்னால் வந்துவிடும். சான் ஆண்ட்ரியாஸில் இதே கோளாறு நீச்சலில் தெரியும். சிஜே கையைக் காலை அடிப்பான், நகரவே மாட்டான். 144 ஹெர்ட்ஸ் திரை இருக்கிறது, 30 படம்தானா என்று வருத்தப்படுகிறவர்களுக்கு, வைஸ் சிட்டிக்கு 30 என்பது குறை அல்ல, அளவு என்று சொல்லிப் புரியவைப்பேன்.

மைக்ரோசாப்ட்டே இப்படி ஒரு இடத்தில் கைவிட்டிருக்கிறது. எக்ஸ்பியில் எல்லோரும் ஆடிய பின்பால் விஸ்டாவில் காணாமல் போனது நினைவிருக்கும். 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து எதிலும் முட்டாமல் ஊடுருவிக் கீழே விழுந்துவிட்டது, வெளி நிறுவனம் எழுதிய பழைய புரோகிராம் என்பதால் எங்கே தவறு என்று கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் எடுத்துவிட்டோம் என்று அங்கே வேலை பார்த்த ரேமண்ட் சென் 2012-ல் எழுதினார். பந்து இருந்தது, மேசை இருந்தது, சத்தமும் வந்தது. ஆனாலும் அது ஓடியதாகக் கணக்கில் வராது.

கடைசியாக சேவ். ஆடி, சேவ் செய்து, லேப்டாப்பை முழுக்க அணைத்து, திறந்து, லோடு செய்து பார்க்காமல் நான் மிஷினைக் கொடுப்பதில்லை. இதில் நம் மொழி சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தமிழாசிரியர் வீட்டு லேப்டாப் வந்தது. கேம் அழகாக ஓடியது, சேவ் மட்டும் ஆகவில்லை. டிஸ்க்கில் இடம் இருந்தது, ஆன்டி வைரஸ் தடுக்கவில்லை. `C:\Users` ஃபோல்டரைத் திறந்தபோது காரணம் தெரிந்தது. அவர் விண்டோஸ் கணக்கில் தன் பெயரைத் தமிழிலேயே எழுதியிருந்தார், அதனால் ஃபோல்டர் பெயரும் தமிழ். யூனிகோடு தெரியாத பழைய புரோகிராம்கள் ஒவ்வொரு மொழிக்கும் இருந்த பழைய எழுத்துப் பட்டியலை நம்பியிருப்பவை. ஜப்பானியருக்கும் ரஷ்யருக்கும் விண்டோசில் அப்படிப் பட்டியல் உண்டு. சிஸ்டம் லொகேலை மாற்றினால் சமாளித்துவிடலாம். தமிழுக்கு அப்படி ஒன்று விண்டோசில் என்றுமே இருந்ததில்லை, யூனிகோடில்தான் வந்தது. ஆகவே கேமின் கண்ணுக்கு அந்தப் பாதை வெறும் கேள்விக்குறி வரிசை. கணக்கின் பெயரைப் பிறகு ஆங்கிலத்தில் மாற்றினாலும் ஃபோல்டர் பெயர் மாறாது. கேமுக்கென்று ஆங்கில எழுத்தில் தனியாக ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். அவர் தன் கணக்கைத் தமிழிலேயே வைத்துக்கொண்டார், அதுதான் சரி.

இதுவரை சொன்னவற்றில் எல்லாம் பழி யார் மேல் என்பது ஓரளவு எளிதில் தெரிந்துவிடும். என்னை அதிகம் யோசிக்க வைத்தது சான் ஆண்ட்ரியாஸில் ஒரு விமானம்.

மத்தளம்பாறையில் சோஹோ அலுவலகம் வந்த பிறகு இந்தப் பக்கம் புது மிஷின்களுக்குக் குறைவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி, விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப்போடு வந்தான். பெயர், ராடார், நேரம், சேவ் எல்லாம் சரி. “ஸ்கிம்மர மட்டும் காணல அண்ணாச்சி” என்றான். ஸ்கிம்மர் என்பது தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம். அது வழக்கமாக நிற்கும் கரைகளுக்கெல்லாம் போய்ப் பார்த்தோம். ஒன்றிலும் இல்லை. மோட் எதுவும் போடவில்லை, கேம் நிற்கவும் இல்லை. கவனிக்காதவர்களுக்கு இப்படி ஒன்று இல்லாமல் போனதே தெரியாது.

இப்படி வரும்போது நான் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். அவனுடைய கேம் ஃபோல்டரை அப்படியே எடுத்து விண்டோஸ் 10 மிஷினில் ஓட்டினேன். விமானம் கரையில் நின்றது. ஆக, காப்பியில் குறை இல்லை. அதே ஃபோல்டர், விண்டோஸ் 11-ன் 23H2 பதிப்பு உள்ள இன்னொரு லேப்டாப். அங்கேயும் நின்றது. 2024 அக்டோபரில் வந்த 24H2 உள்ள மிஷினில் மட்டும் இல்லை. கிராபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பார்த்தும் வித்தியாசம் இல்லை. இவ்வளவு தெளிவாக வந்தபிறகு யாராக இருந்தாலும் விண்டோஸ் அப்டேட்தான் கெடுத்துவிட்டது என்றுதான் எழுதுவார்கள். தடயம் முழுக்க அதைத்தான் காட்டியது.

2025 ஏப்ரலில் இதற்கு விளக்கம் வந்தது. பழைய ஜிடிஏ கேம்களுக்கு சைலன்ட்பேட்ச் என்ற திருத்தத்தைப் பல வருடமாகச் செய்துவரும் சைலன்ட் என்பவர் கேமைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். வண்டிகளின் விவரமெல்லாம் `data` ஃபோல்டரில் `vehicles.ide` என்ற ஃபைலில் வரிக்கு ஒன்றாக இருக்கிறது. பெரும்பாலான வரிகளின் கடைசியில் சக்கரத்தின் அளவைச் சொல்லும் எண்கள் உண்டு. வைஸ் சிட்டியில் ஸ்கிம்மரைப் படகு வகையில் சேர்த்திருந்தார்கள், படகுக்குச் சக்கர அளவு தேவையில்லை. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றியவர்கள் அந்த எண்களைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். இது 2004-ன் மறதி.

அப்படியானால் இருபது வருடம் அது எப்படி ஓடியது? கேம் ஒவ்வொரு வரியையும் படித்து, எண்களை நினைவகத்தில் தற்காலிகமாக ஓர் இடத்தில் வைக்கிறது. ஸ்கிம்மர் வரியில் சக்கர அளவு இல்லாததால் அந்த இடத்தில் எதையும் எழுதவில்லை. முந்தைய வகுப்பு முடிந்தும் அழிக்காத கரும்பலகை போல, முந்தைய வரியிலிருந்த டாப்ஃபன் வேனின் 0.7 என்ற அளவு அங்கேயே கிடந்தது. ஸ்கிம்மர் அதையே தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. 24H2-ல் மைக்ரோசாப்ட் விண்டோசின் உள்வேலை ஒன்றை மாற்றி எழுதியது. இரண்டு வரிகளைப் படிப்பதற்கு நடுவில் ஓடும் அந்த வேலை இப்போது கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கூடுதல் இடம், 0.7 கிடந்த இடம். அதன் மேல் வேறு ஏதோ எண் விழுந்தது. அதைச் சக்கர அளவாக எடுத்துக் கணக்குப் போட்ட கேம், விமானத்தை நினைத்துப் பார்க்க முடியாத உயரத்துக்குத் தூக்கி எறிந்தது. கரையில் நாங்கள் தேடிய விமானம் வானத்தில் எங்கோ இருந்தது.

விண்டோசுக்கு அப்படி இடத்தைப் பயன்படுத்த எல்லா உரிமையும் உண்டு. நான் எடுத்த சோதனை முடிவுகள் எல்லாம் சரி, அவை விண்டோசின் மேல் விரலை நீட்டின, தவறோ கேமில். எந்தப் பதிப்பில் ஓடியது, எந்தப் பதிப்பில் நின்றது என்பது, தவறு எப்போது வெளியே தெரிந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். இதற்குப் பிறகு, அப்டேட்டை நீக்கிக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடம், பாதுகாப்புத் திருத்தங்களைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் பொறுங்கள் என்கிறேன்.

சரிசெய்தது ஒரே வரியில். கேமை மூடிவிட்டு, `vehicles.ide` ஃபைலை வேறிடத்தில் ஒரு காப்பி எடுத்து வைத்துவிட்டு, நோட்பேடில் திறந்து, 460 என்று தொடங்கும் வரியின் கடைசியில் விடுபட்ட எண்களைச் சேர்த்தோம்:

```
460, skimmer, skimmer, plane, SEAPLANE, SKIMMER, null, ignore, 5, 0, 0, -1, 0.7, 0.7, -1
```

கேம் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருந்தால் இப்படித் திருத்தியதை சேவ் செய்ய விண்டோஸ் விடாது. பழைய கேம்களை `D:\Games` போல வெளியே ஒரு ஃபோல்டரில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். சைலன்ட்பேட்சின் புதிய பதிப்பைப் போட்டாலும் இதே திருத்தம் வந்துவிடும். நோட்பேடில் செய்யச் சொன்னது, என்ன செய்கிறோம் என்று அந்தத் தம்பி கண்ணால் பார்க்கட்டும் என்பதற்காக.

இப்போது ஏஆர்எம் பிராசசர் போட்ட லேப்டாப்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. பேட்டரி நன்றாக நிற்கிறது என்று வாங்குகிறார்கள். அவற்றில் பழைய கேமின் ஒவ்வொரு கட்டளையையும் விண்டோஸ் மொழிபெயர்த்துத்தான் ஓட்டுகிறது. எளிமையான கேம்கள் ஓடுகின்றன. டிரைவர் கேட்கும் எதுவும் ஓடாது, ஏனென்றால் டிரைவரை அது மொழிபெயர்ப்பதில்லை. பழைய கேம்தான் முக்கியம் என்று சொல்லி வாங்கும் முன் கேட்டால், இன்டெல் அல்லது ஏஎம்டி வாங்குங்கள் என்பேன். இன்டெல்லிலும் 12-ம் தலைமுறையிலிருந்து, பிராசசரோடு வரும் கிராபிக்ஸ் பழைய டைரக்ட்எக்ஸ் 9-ஐ நேராகப் பேசுவதில்லை, டைரக்ட்எக்ஸ் 12-க்கு மாற்றித்தான் பேசுகிறது. இருபது வருடக் கேமுக்கு அந்த வேகம் தாராளம். படத்தில் நிழலோ புகையோ தாறுமாறாகத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான்.

ஸ்கிம்மருக்குப் பிறகு கேம் சரியாக ஓடியது என்று வெறுமனே எழுதித் தருவதில்லை. `winver` அடித்து, வரும் பதிப்பு எண்ணையும் பக்கத்தில் குறிக்கிறேன். 2025 கடைசியில் 25H2 வந்தபோது அந்தத் தம்பி போன் செய்தான். அது 24H2-ன் அடித்தளத்தில்தான் வருகிறது, திருத்திய வரி அப்படியே இருக்கும், ஆனாலும் கரைக்குப் போய் ஒருமுறை பாருங்கள் என்றேன். விமானம் நின்றது. அப்படியே காரில் ஏறி ரிவர்ஸும் எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.